கடைசிப் பக்கத்து ஷரத்து

பெரிய தொகை புரளும் எந்த வணிக ஒப்பந்தத்திலும், விலை, காலக்கெடு, அபராதம் எல்லாம் முடிந்த பிறகு, கையெழுத்துக்குச் சற்று முன்பாக ஒரு பத்தி இருக்கும். இந்த ஒப்பந்தத்தால் எழும் தகராறுகளை நடுவர் ஒருவரோ மூவரோ விசாரித்துத் தீர்ப்பார்கள், அந்தத் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று அது சொல்லும். பேச்சுவார்த்தையில் யாரும் அதற்கு அதிக நேரம் செலவிடுவதில்லை. பெரும்பாலும் பழைய ஒப்பந்தம் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்பட்டிருக்கும். உறவு முறிந்த பிறகு முதலில் தேடப்படுவது அந்தப் பத்திதான். வழக்கறிஞர்கள் ஆர்பிட்ரேஷன் கிளாஸ் என்று குறிப்பிடும் இதுவே நடுவர் ஒப்பந்தம்.

இந்தியாவில் இதை ஆள்வது 1996ஆம் ஆண்டின் நடுவர் மற்றும் சமரசச் சட்டம். அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு கேட்பது அதிகமில்லை. உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட ஆவணமாக இருக்கலாம், கடிதங்களிலோ மின்னஞ்சல்களிலோ பரிமாறப்பட்டதாகவும் இருக்கலாம். ‘நடுவர் ஒப்பந்தம்’ என்ற தலைப்பு வேண்டியதில்லை. ஆனால் தகராறை நடுவரிடம்தான் கொண்டு போவோம் என்ற உறுதி அந்த வாசகத்தில் தெரிய வேண்டும். ‘இரு தரப்பும் விரும்பினால் நடுவரிடம் போகலாம்’ என்று எழுதியிருந்தால் அது ஒப்பந்தம் ஆகாது. பின்னால் ஓர் உடன்பாடு செய்துகொள்ளலாம் என்ற யோசனை மட்டுமே அது என உச்ச நீதிமன்றம் 2007இல் விளக்கியது. ‘விரும்பினால்’ என்ற ஒற்றைச் சொல் பல ஆண்டு வழக்குக்குக் காரணமாகிவிடும்.

எல்லாத் தகராறும் இந்த வழியில் போக முடியாது. குற்ற வழக்கு, மணமுறிவு, திவால் நடவடிக்கை போன்றவை ஒப்பந்தக்காரர்களைத் தாண்டி மற்றவர்களையும் பாதிப்பவை என்பதால் நீதிமன்றத்துக்கே உரியவை. இருவருக்குள் அடங்கும் பணத் தகராறும் ஒப்பந்த மீறலும்தான் நடுவர் மன்றத்தின் இயல்பான களம்.

அந்தக் களத்தில் முதலில் எழும் சிக்கல் தர்க்கச் சிக்கல். நடுவருக்கு அதிகாரம் தருவது ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து. ஒரு தரப்பு வந்து ‘ஒப்பந்தமே செல்லாது, என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள்’ என்று சொல்கிறது. இதை விசாரித்த நடுவர், ஆமாம், செல்லாது என்று முடிவு செய்தால், ஒப்பந்தத்தோடு அந்த ஷரத்தும் போய்விடும். அப்போது அந்த முடிவைச் சொல்லும் அதிகாரமே அவருக்கு இருந்திருக்காது. நடுவர் சரியாகத் தீர்ப்பளித்தால், அத்தீர்ப்பே அவர் பதவியைப் பறித்துவிடும்.

இதிலிருந்து வெளிவரச் சட்டம் கண்ட வழிதான் தனித்து நிற்கும் தன்மை. காகிதம் ஒன்று, கையெழுத்து ஒன்று. ஆனால் சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தங்கள் இரண்டு. பொருள் வாங்குவதற்கோ பாலம் கட்டுவதற்கோ உரியது ஒன்று, அதைப் பற்றித் தகராறு வந்தால் யாரிடம் போவது என்பதற்கு உரியது இன்னொன்று. முதலாவது ரத்தானாலும் காலாவதியானாலும் இரண்டாவது அதனாலேயே சாவதில்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதை நேராகச் சொல்கிறது: ஒப்பந்தத்தின் மற்ற ஷரத்துகளிலிருந்து நடுவர் ஷரத்தைத் தனி உடன்பாடாகவே கருத வேண்டும், ஒப்பந்தம் செல்லாது என நடுவர் மன்றம் முடிவு செய்வதால் மட்டும் அந்த ஷரத்து செல்லாததாகிவிடாது.

இதை வழக்கறிஞர்களின் சொல்விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒப்பந்தம் நல்லபடியாக நடக்கும்வரை நடுவர் ஷரத்துக்கு வேலையே இல்லை. ஒப்பந்தம் முறியும் நாளுக்காகவே எழுதப்பட்ட பத்தி அது. முறிவோடு சேர்ந்து அதுவும் விழுமானால், எழுதியதற்கே பொருள் இல்லை.

தனித்து நிற்கும் தன்மைக்கும் எல்லை உண்டு. இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 2007இல் தீர்த்த ஃபியோனா டிரஸ்ட் வழக்கு அந்த எல்லையைத் தெளிவாகக் காட்டியது. ரஷ்யக் கப்பல் குழுமம் ஒன்று, தன் அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்துக் கப்பல் வாடகை ஒப்பந்தங்களில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று புகார் செய்தது. லஞ்சத்தில் பிறந்த ஒப்பந்தத்தின் நடுவர் ஷரத்தும் லஞ்சத்தில் பிறந்ததுதானே என்பது அதன் வாதம். ஹாஃப்மன் பிரபு அதை ஏற்கவில்லை. லஞ்சம் வாடகை விகிதத்தைக் கெடுத்திருக்கலாம், ஆனால் தகராறுக்கு நடுவரை நாடுவோம் என்ற உடன்பாட்டைத் தனியாகக் கெடுத்தது என்று காட்ட வேண்டும் என்றார். அதே தீர்ப்பில் மறுபக்கத்தையும் சொன்னார். கையெழுத்தே போலி என்றாலோ, கையெழுத்திட்டவருக்கு எந்த அதிகாரமும் இல்லை என்றாலோ, இரண்டு ஒப்பந்தமும் சேர்ந்தே விழும். ஒருவர் எதற்குமே சம்மதிக்கவில்லை என்றால் நடுவருக்கு மட்டும் எப்படிச் சம்மதித்திருப்பார்? ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒப்பந்தத்தில் ஓட்டை உண்டா என்பதல்ல, அந்த ஓட்டை நடுவர் ஷரத்தையும் தொடுகிறதா என்பதுதான்.

இந்தக் கேள்வி இந்தியாவில் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது முத்திரைத்தாள் விஷயத்தில். கர்நாடக மின் கழகத்துக்கு நிலக்கரி கழுவித் தரும் பணியை இண்டோ யுனீக் ஃப்ளேம் என்ற நிறுவனம் எடுத்திருந்தது. நிலக்கரியைக் கொண்டு செல்லும் வேலையை என்.என். குளோபல் மெர்கன்டைல் என்ற நிறுவனத்துக்கு உள்குத்தகையாகக் கொடுத்தது. அந்தப் பணி ஆணையில் நடுவர் ஷரத்து இருந்தது. உத்தரவாதமாக 3.36 கோடி ரூபாய்க்கு பேங்க் கேரண்டி தரப்பட்டிருந்தது. உறவு கெட்டதும் இண்டோ யுனீக் அந்த கேரண்டியைப் பணமாக்கிக்கொண்டது. அது மோசடி என்று என்.என். குளோபல் வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருக்கும்போது வழக்கு எப்படி நிற்கும் என்று இண்டோ யுனீக் கேட்டது. அப்போது எழுந்த எதிர்வாதம் இது: பணி ஆணைக்கு முத்திரைத் தீர்வை கட்டவே இல்லை. தீர்வை கட்டாத ஆவணத்தை எந்த நீதிமன்றமும் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்கிறது இந்திய முத்திரைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. ஏற்க முடியாத தாளில் உள்ள ஷரத்தை மட்டும் எப்படி ஏற்பது?

2021 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு தனித்து நிற்கும் தன்மையின் பக்கம் நின்றது. முத்திரைக் குறை பணி ஆணையைத்தான் பாதிக்கும், நடுவர் ஷரத்தை அல்ல என்றது. முந்தைய தீர்ப்புகளோடு இது முரண்பட்டதால் கேள்வி பெரிய அமர்வுக்குப் போனது. 2023 ஏப்ரல் 25 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நேர்மாறாகச் சொன்னது. முத்திரையிடாத ஆவணம் சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தமே இல்லை, அதிலுள்ள நடுவர் ஷரத்தும் இல்லை.

இதன் விளைவு நடைமுறையில் உடனே தெரிந்தது. நடுவரை நியமிக்கக் கோரி நீதிமன்றத்துக்கு வரும் மனு ஒவ்வொன்றிலும், இழுத்தடிக்க விரும்பும் தரப்புக்கு ஒரு கைப்பிடி கிடைத்தது. முத்திரை போதுமா, எந்த மாநிலத்து விகிதம், பற்றாக்குறை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். தாளைக் கைப்பற்றி உரிய அதிகாரிக்கு அனுப்பி, தீர்வையும் அபராதமும் கட்டி, அது திரும்பி வரும்வரை நடுவர் மன்றமே அமையாது. அரசுக்கு வருவாய் சேர்ப்பதற்காக எழுதிய சட்டம், கடன்காரருக்கு அவகாசம் வாங்கித் தரும் கருவியாக மாறியது.

எட்டே மாதத்தில், 2023 டிசம்பர் 13 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஏழு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை ஒருமனதாக மாற்றியது. அதன் மையத்தில் இருந்தது ஓர் எளிய வேறுபாடு. சாட்சியமாக ஏற்க முடியாதது வேறு, செல்லாதது வேறு. முத்திரைச் சட்டமே தீர்வையும் அபராதமும் கட்டினால் ஆவணத்தை ஏற்கலாம் என்கிறது. செல்லாத ஒன்றைப் பணம் கட்டிச் செல்லுபடியாக்க முடியாது. ஆகவே முத்திரைக் குறை சரிசெய்யக்கூடிய குறை மட்டுமே. அதை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு, நடுவர் மன்றமே பார்க்கட்டும் என்று அமர்வு சொன்னது. நடுவரை நியமிக்கும் கட்டத்தில் நீதிமன்றம் பார்க்க வேண்டியது, நடுவர் ஒப்பந்தம் ஒன்று இருப்பதாக மேலோட்டமாகத் தெரிகிறதா என்பது மட்டுமே.

இங்கே தனித்து நிற்கும் தன்மையின் இரட்டைப் பிள்ளையான இன்னொரு விதியும் வெளிப்படுகிறது. தன் அதிகாரத்தின் எல்லை எதுவென்று முதலில் முடிவு செய்வது நடுவர் மன்றமே. ‘உங்களுக்கு அதிகாரமில்லை’ என்ற ஆட்சேபத்தை எதிர்த்தரப்பு தன் பதிலுரையைத் தாக்கல் செய்வதற்குள் எழுப்ப வேண்டும். மன்றம் அதை நிராகரித்தால் விசாரணை நிற்காது, தீர்ப்பு வரை நடக்கும். அதன் பிறகு அந்த ஆட்சேபத்தை நீதிமன்றத்தில் எழுப்பலாம். நீதிமன்றத்தின் கதவு மூடப்படவில்லை, அது திறக்கும் நேரம்தான் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கதவு 34ஆம் பிரிவு. நடுவர் தீர்ப்பு கையில் கிடைத்த மூன்று மாதத்துக்குள் தோற்றவர் மனுச் செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் முப்பது நாள் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. அங்கே போகிறவர்கள் பலர் அதை மேல்முறையீடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் இடத்தில் தன்னை வைத்து, சாட்சியத்தை மறுபடி எடைபோட்டுத் தன் முடிவைச் சொல்லும். 34ஆம் பிரிவில் அமரும் நீதிபதிக்கு அந்த வேலை இல்லை. நடுவர் சொன்னது சரியா என்று அவர் கேட்கக் கூடாது. நடுவர் ஒப்பந்தம் செல்லுபடியானதா, இரு தரப்புக்கும் பேச வாய்ப்புக் கிடைத்ததா, தன்னிடம் ஒப்படைக்காத விஷயத்தில் நடுவர் கைவைத்தாரா, தீர்ப்பு மோசடியாலோ லஞ்சத்தாலோ கறைபட்டதா, நாட்டின் அடிப்படைப் பொதுக்கொள்கைக்கு முரணானதா என்பவைதான் அவருடைய கேள்விகள்.

உள்நாட்டுத் தகராறுகளில் இன்னும் ஒன்று உண்டு. தீர்ப்பின் முகத்திலேயே தெரியும் சட்டவிரோதம் இருந்தால் ரத்து செய்யலாம். ஆனால் சட்டத்தைத் தவறாகப் பொருத்தினார் என்பதற்காகவோ, சாட்சியத்தை வேறு விதமாகப் பார்த்திருக்கலாம் என்பதற்காகவோ ரத்து செய்யக் கூடாது என்று அதே வாக்கியத்தின் கீழேயே எழுதப்பட்டிருக்கிறது. தவறான தீர்ப்பும் நிற்கும் என்று ஒரு சட்டமே ஒப்புக்கொள்வது வியப்பாக இருக்கலாம். அதற்கு ஒரு வரலாறு உண்டு.

முந்தைய 1940ஆம் ஆண்டுச் சட்டத்தில் நடுவர் தீர்ப்பை நிறைவேற்றவே நீதிமன்றத்துக்குப் போய் அதைத் தீர்ப்பாணையாக மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் மனு, ஆட்சேபம், மேல்முறையீடு. நீதிமன்றத் தாமதத்துக்கு மாற்றாக வந்த வழி, நீதிமன்றத்தை விட நீளமான வழியாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றமே 1981இல் வெளிப்படையாக அலுத்துக்கொண்டது. ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் 1985இல் வகுத்த மாதிரிச் சட்டத்தைத் தழுவி 1996இல் புதுச் சட்டம் வந்தது. அதன் 5ஆம் பிரிவு, இச்சட்டம் சொல்லும் இடங்களைத் தவிர வேறெங்கும் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்கிறது.

சட்டம் சாத்திய கதவை 2003இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் திறந்தது. ஓ.என்.ஜி.சி.க்குக் குழாய் அனுப்பத் தாமதித்த சா பைப்ஸ் நிறுவனத்தின் வழக்கு அது. தாமதத்துக்காக ஒப்பந்தப்படி பிடித்தம் செய்த தொகையைத் திருப்பித் தர வேண்டும், இழப்பை ஓ.என்.ஜி.சி. நிரூபிக்கவில்லை என்று நடுவர்கள் சொல்லியிருந்தார்கள். சட்டத்தை அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று கருதிய நீதிமன்றம், பட்டவர்த்தனமான சட்டவிரோதமும் பொதுக்கொள்கைக்கு முரண்தான் என்று சொல்லித் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த ஒரு வழக்கில் அது நியாயமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதன் பிறகு தோற்ற ஒவ்வொரு தரப்பும் ‘பொதுக்கொள்கை’ என்ற சொல்லோடு நீதிமன்றம் வந்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தச் சொல்லின் பொருளை இறுக்கிக் கட்டியது. மனுச் செய்தாலே தீர்ப்பை நிறைவேற்றுவது தானாக நின்றுபோகும் என்ற பழைய நிலையையும் மாற்றியது. இப்போது தடை வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும், பணத் தீர்ப்பானால் நீதிமன்றம் சாதாரணமாகத் தொகையைக் கட்டச் சொல்லும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் உள்ள காரணம் நடுவர்கள் நீதிபதிகளை விடச் சிறந்தவர்கள் என்பதல்ல. தகராறு வருமுன்பே இரு தரப்பும் ஒரு பேரம் செய்துகொண்டிருக்கின்றன. மேல்முறையீடு என்ற பாதுகாப்பை விட்டுக்கொடுத்து, தாங்களே தேர்ந்த ஒருவரிடமிருந்து சீக்கிரமான, இறுதியான முடிவை வாங்கியிருக்கிறார்கள். தோற்றவருக்காக நீதிமன்றம் அந்தப் பேரத்தைத் திருத்தினால், வென்றவர் விலை கொடுத்து வாங்கியதைப் பறிக்கிறது. விளைவும் ஒன்று உண்டு: நடுவர், 34ஆம் பிரிவு நீதிமன்றம், 37ஆம் பிரிவின் மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம் என நான்கு படிகளும் முழு விசாரணையாகிவிட்டால், நடுவர் மன்றம் எதையும் குறைக்கவில்லை, ஒரு படியைக் கூட்டியிருக்கிறது.

கட்டுப்பாடு எங்கே முடிகிறது, கடமை எங்கே தொடங்குகிறது என்பதில் நீதிபதிகளே ஒத்துப்போவதில்லை. டெல்லி விமான நிலைய மெட்ரோ வழக்கு அதற்குச் சரியான சாட்சி. புதுடெல்லி ரயில் நிலையத்தையும் விமான நிலையத்தையும் துவாரகாவையும் இணைக்கும் பாதையை முப்பது ஆண்டுகள் நடத்த, 2008 ஆகஸ்ட் 25 அன்று டெல்லி மெட்ரோ கழகம் ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சரும் ஸ்பெயினின் சி.ஏ.எஃப். நிறுவனமும் அடங்கிய கூட்டமைப்போடு ஒப்பந்தம் செய்தது. தூண்கள், பாலம், நிலையங்கள் போன்ற கட்டுமானம் கழகத்தின் பொறுப்பு. தண்டவாளம், ரயில், இயக்கம் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. 2011 பிப்ரவரியில் ரயில் ஓடத் தொடங்கியது. மேம்பாலத்தின் விட்டங்களிலும் அவற்றைத் தாங்கும் பேரிங்குகளிலும் கோளாறு கண்டதாகச் சொல்லி 2012 ஜூலையில் நிறுவனம் ஓட்டத்தை நிறுத்தியது. குறைகளைப் பட்டியலிட்டு, 90 நாளில் சரிசெய்யுங்கள் என்று நோட்டீஸ் அனுப்பியது. அக்டோபர் 8 அன்று, சரிசெய்யவில்லை என்று ஒப்பந்தத்தை முறித்தது.

ஒப்பந்தத்தின் வாசகம் இங்கே முக்கியம். குறையை 90 நாளுக்குள் கழகம் சரிசெய்யத் தவறினால், அல்லது சரிசெய்வதற்குப் பயனுள்ள நடவடிக்கைகள் எடுக்கத் தவறினால், நிறுவனம் விலகலாம். கழகம் பழுதுபார்ப்பு வேலைகளைத் தொடங்கியிருந்தது. முறிவுக்குப் பிறகு இரு தரப்பும் சேர்ந்தே மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையரிடம் அனுமதி கேட்டன. 2013 ஜனவரியில் வேகக் கட்டுப்பாடு உள்ளிட்ட நிபந்தனைகளோடு அவர் அனுமதித்தார், ரயில் மீண்டும் ஓடியது. பின்னர் நிறுவனம் விலகிக்கொள்ள, கழகமே பாதையை ஏற்று நடத்தியது.

மூன்று நடுவர்கள் கொண்ட மன்றம் 2017 மே 11 அன்று ஒருமனதாக நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கழகம் 2,782.33 கோடி ரூபாயும் வட்டியும் தர வேண்டும். குறைகள் 90 நாளில் முழுமையாகத் தீரவில்லை, ஆணையரின் பிந்தைய சான்றிதழ் அந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்பது மன்றத்தின் வழி. டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2018இல் தலையிட மறுத்தார். இரு நீதிபதிகள் அமர்வு 2019இல் தீர்ப்பை ரத்து செய்தது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், நடுவர்கள் எடுத்தது எடுக்கக்கூடிய ஒரு நிலைப்பாடுதான், உயர் நீதிமன்றம் மறுவிசாரணை செய்திருக்கிறது என்று சொல்லித் தீர்ப்பை உயிர்ப்பித்தது. சீராய்வு மனுவும் தள்ளுபடியானது. கதை முடிந்துவிட்டதாகவே எல்லாரும் நினைத்தார்கள்.

கழகம் மறுசீராய்வு மனு போட்டது. உச்ச நீதிமன்றத்தின் கடைசிப் புகலிடமான அந்த மனு வெற்றி பெறுவது மிக அரிது. 2024 ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. நடுவர் மன்றத்தின் தீர்ப்பில் இரண்டு ஓட்டைகளை அது சுட்டியது. ‘பயனுள்ள நடவடிக்கைகள்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்போது, எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் ஏன் பயனற்றவை என்று மன்றம் காரணமே சொல்லவில்லை. சரிசெய்து முடிப்பதும் அதற்கான முயற்சியும் தனித்தனி வாய்ப்புகளாக எழுதப்பட்டிருக்க, மன்றம் முதலாவதை மட்டும் பார்த்தது. அடுத்து, பாலம் பாதுகாப்பானதா என்பதே சண்டையின் நடுப்புள்ளியாக இருக்கும்போது, அதைச் சோதித்த சட்டப்பூர்வ அதிகாரியின் சான்றிதழை ஒதுக்கிவிட்டது. முக்கியச் சாட்சியத்தைக் கணக்கில் கொள்ளாமலும் ஒப்பந்த வாசகத்தை விட்டுவிட்டும் எழுதிய தீர்ப்பு முகத்திலேயே சட்டவிரோதம் கொண்டது என்றது அமர்வு. ஏற்கெனவே வாங்கிய பணத்தை நிறுவனம் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

இதைப் பாராட்டுபவர்களும் உண்டு, சாட்சியத்தை மறுபடி எடைபோடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களும் உண்டு. வித்தியாசம் நூலிழைதான், ஆனால் இருக்கிறது. சான்றிதழைப் பார்த்து, இந்தக் காரணத்தால் இது 2012 அக்டோபர் நிலையைக் காட்டாது என்று மன்றம் விரித்து எழுதியிருந்தால், அந்தக் காரணம் பலவீனமானதாக இருந்தாலும் தீர்ப்பு நின்றிருக்க வாய்ப்பு அதிகம். எடைபோட்டதில் பிழை செய்வது பொறுக்கப்படும், தராசில் வைக்காமலே விடுவது பொறுக்கப்படாது. அதே சமயம், கடைசிப் படியையும் தாண்டி ஒரு தீர்ப்பு புரட்டப்பட்டது, வென்றவருக்கு உறுதி எப்போது கிடைக்கும் என்ற கேள்வியைத் திறந்துவிட்டது என்பதும் மறுக்க முடியாதது.

ரத்து செய்யலாம் என்றால் திருத்தலாமா? இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன இரண்டு வழக்குகளும் தமிழ்நாட்டிலிருந்து சென்றவை. முதலாவதில் தேசிய நெடுஞ்சாலைக்காக நிலம் எடுக்கப்பட்டவர்களுக்குச் சதுர மீட்டருக்கு 46.55 ரூபாய் முதல் 83.15 ரூபாய் வரையே இழப்பீடு தரப்பட்டது. நெடுஞ்சாலைச் சட்டத்தில் நடுவரை நியமிப்பது மத்திய அரசு. நில உரிமையாளர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை, நடுவரைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. பெயர் மட்டும்தான் நடுவர் மன்றம். மாவட்ட நீதிமன்றம் 34ஆம் பிரிவின் கீழ் அந்த இழப்பீட்டைச் சதுர மீட்டருக்கு 645 ரூபாயாக உயர்த்தியது, உயர் நீதிமன்றமும் ஆதரித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம், 34ஆம் பிரிவில் ரத்து செய்யும் அதிகாரம்தான் உண்டு, தொகையை மாற்ற முடியாது என்று தீர்த்தது. ஆனாலும் அந்த உரிமையாளர்களுக்குக் கிடைத்த தொகையில் கைவைக்க மறுத்தது. சட்டத்தில் நெடுஞ்சாலை ஆணையம் வென்றது, பணத்தில் நிலக்காரர்கள் வென்றார்கள்.

இரண்டாவது, சென்னையில் ஒரு ஊழியருக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் நடந்த தகராறு. நடுவர் இரண்டு கோடி ரூபாய் வழங்கச் சொன்னார். சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதற்கு மேல் சுமார் 1.6 கோடி சேர்த்தார். இரு நீதிபதிகள் அமர்வு அந்தக் கூடுதலை ஐம்பதாயிரமாகக் குறைத்தது. மாற்றும் அதிகாரம் இல்லை என்றால் இவை எதுவும் நடந்திருக்க முடியாது. 2025 ஏப்ரல் 30 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், வரம்புக்கு உட்பட்ட திருத்தும் அதிகாரம் உண்டு என்று சொன்னது. தீர்ப்பின் கெட்ட பகுதியை நல்ல பகுதியிலிருந்து பிரிக்க முடியுமானால் கெட்டதை மட்டும் நீக்கலாம். எழுத்துப் பிழை, கணக்குப் பிழை போன்ற பார்த்ததும் தெரிபவற்றைத் திருத்தலாம். தீர்ப்புக்குப் பிந்தைய வட்டியைச் சில சூழல்களில் மாற்றலாம். தகராறின் சாரத்துக்குள் போகக் கூடாது. அரசியலமைப்பின் 142ஆம் பிரிவில் தனக்குள்ள தனி அதிகாரத்தையும் மிகுந்த எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம் என்றது.

மாறுபட்ட நீதிபதி கே.வி. விஸ்வநாதன். ரத்து செய்வதும் திருத்துவதும் வெவ்வேறு அதிகாரங்கள், சட்டம் முதலாவதை மட்டுமே தந்திருக்கிறது என்பது அவர் நிலை. எழுத்து, கணக்குப் பிழைகளைச் சரிசெய்வதை அவரும் ஏற்றார். பெரும்பான்மை நீதிபதிகளை உந்தியது வேறொரு கவலை. வட்டி விகிதம் மட்டும் தவறு என்பதற்காக முழுத் தீர்ப்பையும் ரத்து செய்தால், இரு தரப்பும் புதிய நடுவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சட்டத்தின் 43ஆம் பிரிவு, முதல் சுற்றில் கழிந்த காலத்தைக் காலவரம்புக் கணக்கிலிருந்து நீக்கி, இரண்டாவது சுற்றுக்கு வழிவிடுகிறது. ஆனால் சாட்சிகளின் நினைவையும் அலைந்து திரிந்த செலவையும் எந்தப் பிரிவும் திருப்பித் தருவதில்லை. திருத்தக்கூடியது எது, சாரம் எது என்பதற்கான கோட்டை இனி உயர் நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு வரைய வேண்டும்.